டார்கெட் கனடா: 124 கடைகளா, 25 கடைகளா?

பேராசிரியர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011-ல் அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் நான் இருந்திருந்தால், கனடாவுக்குப் போகலாம் என்றுதான் ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனால் முதல் ஆண்டிலேயே 124 கடைகள் என்ற திட்டத்தை எதிர்த்திருப்பேன். தெற்கு ஒன்டாரியோவில் ஒரே கிடங்கை வைத்து 25 கடைகள் திறப்போம், மற்றக் குத்தகைகளை விற்றுவிடுவோம் என்று கேட்டிருப்பேன். ஏன் என்பதை விளக்கத்தான் இந்த இருபது நிமிடம்.

இந்தக் கதையைப் பேசுகிற பலர் 'அவசரப்பட்டார்கள், கெட்டார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. அவசரம் எங்கிருந்து வந்தது, அது எந்த வழியாகக் கடை அலமாரியைக் காலியாக்கியது என்று தெரியாமல் வேறு ஒரு வழியைப் பரிந்துரைக்க முடியாது.

(திரை: 2011 ஜனவரி ஒப்பந்தம்)

2011 ஜனவரியில் டார்கெட், ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கையில் இருந்த ஜெல்லர்ஸ் என்ற தள்ளுபடிக் கடைச் சங்கிலியின் குத்தகை உரிமைகளை வாங்கியது. 220 கடை இடங்கள் வரை எடுத்துக்கொள்ளலாம், விலை 182.5 கோடி கனடிய டாலர். இடத்துக்குச் சுமார் 83 லட்சம் டாலர் ஆகிறது. ஒவ்வொரு கடையையும் டார்கெட்டின் தோற்றத்துக்கு மாற்ற ஒரு கோடி டாலருக்கு மேல் ஆகும் என்பது அப்போதைய கணிப்பு.

இங்கே கவனியுங்கள். வாங்கியது குத்தகையை மட்டும்தான். ஜெல்லர்ஸின் வியாபாரத்தை வாங்கவில்லை. அதன் ஊழியர்கள், சரக்கு ஓட்டம், கணினி அமைப்பு, 'இந்த ஊரில் இது இவ்வளவு விற்கும்' என்ற பழக்க அறிவு எதுவுமே ஒப்பந்தத்தில் வரவில்லை. நான்கு சுவரும் வாடகைக் கடமையும்தான் வந்தன. வாடகை மாதாமாதம் ஓடும். திறக்காத கடைக்கும் ஓடும். ஆகவே கையெழுத்துப் போட்ட அன்றே திறப்பு விழாவின் தேதி கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அந்தத் தேதிக்குள் கடை நடத்தும் திறமை வந்து சேருமா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. என் வாதத்தின் அடி இதுதான்: தேதியை முதலில் வாங்கினார்கள், திறமையைப் பிறகு தேடினார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2013 மார்ச் தொடக்கத்தில் ஒன்டாரியோவின் குவெல்ஃப், மில்டன், ஃபெர்கஸ் ஆகிய ஊர்களில் மூன்று கடைகளை முன்னோட்டமாகத் திறந்தார்கள். ஒரு மாதம் போல ஆவதற்குள் ஒன்டாரியோவில் 24 கடைகள். ஆண்டு முடிவில் நாடு முழுக்க 124. கடைசியில் 133. 2015 ஜனவரி 15 அன்று, முதல் கடை திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 17,600 பேருக்கு வேலை போனது.

மூன்று கடைகளை முன்னோட்டம் என்று அழைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. முன்னோட்டம் என்றால் அதன் முடிவைப் பார்த்து அடுத்த அடியை நிறுத்தும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். இங்கே நான்காவது கடையிலிருந்து இருபத்து நான்காவது கடை வரை ஆட்களும் சரக்கும் ஏற்கெனவே தயாராக நின்றார்கள். மூன்று கடைகளில் என்ன கோளாறு தெரிந்திருந்தாலும் யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

(திரை: 2013-ன் கணக்கு)

இப்போது நோய் எது என்று பார்ப்போம். 2013-ல் டார்கெட் கனடாவின் விற்பனை சுமார் 130 கோடி அமெரிக்க டாலர். அதே ஆண்டு நட்டம் சுமார் 94 கோடி. ஒரு டாலருக்கு விற்றால் 72 காசு நட்டம். தொடக்கச் செலவு அதிகம், புதிய நாடு, பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லலாம். ஆனால் இன்னொரு எண் அதைச் சொல்ல விடாது. மொத்த லாப விகிதம், அதாவது விற்ற விலையில் சரக்கின் கொள்முதல் விலையைக் கழித்தால் மிஞ்சுவது, அமெரிக்காவில் சுமார் 30 சதவீதமாக இருந்தபோது கனடாவில் சுமார் 15 சதவீதம்தான் இருந்தது. கடையைப் புதுப்பித்த செலவு இந்த எண்ணுக்குள் வராது. ஆள் சம்பளமும் வராது. சரக்கை வாங்கிய விலைக்கு அருகிலேயே தள்ளிவிட்டால்தான் இது பாதியாகும்.

இங்கேதான் புதிர். வாடிக்கையாளர்கள் புகைப்படம் எடுத்துப் போட்டது காலி அலமாரிகளை. பொருள் இல்லாத கடை ஏன் தள்ளுபடியில் விற்க வேண்டும்? ஏனென்றால் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அலமாரி காலி, கிடங்கு நிறைவு, லாப விகிதம் பாதி. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சரக்கு ஓட்டத்தை. மக்களுக்குக் கடையே பிடிக்கவில்லை என்றால் அலமாரியும் நிறைந்திருக்கும், கிடங்கும் நிறைந்திருக்கும். இரண்டும் காலி என்றால் விற்பனை எதிர்பார்த்ததைவிட ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்று நிறைந்து மற்றொன்று காலியாக இருந்தால், எந்தப் பொருள் எங்கே எவ்வளவு வேண்டும் என்பதே நிறுவனத்துக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அமெரிக்காவில் டார்கெட் பல ஆண்டுகளாகச் சொந்தமாகச் செதுக்கி வைத்திருந்த கணினி அமைப்பு கனடிய டாலரையும் பிரெஞ்சு எழுத்துகளையும் கையாளும்படி கட்டப்படவில்லை. அதை மாற்றிக் கட்ட நாளாகும். ஆகவே கனடாவுக்கு எஸ்ஏபி மென்பொருளைப் புதிதாக நிறுவினார்கள். மென்பொருள் நல்லதுதான், பல பெரிய கடைச் சங்கிலிகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் புது அமைப்பு காலிப் பாத்திரம். அதில் ஒவ்வொரு பொருளின் நீளம், அகலம், உயரம், எடை, பார்கோடு, ஒரு பெட்டியில் எத்தனை, விலை எந்த நாணயத்தில் என்று எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். சுமார் 75,000 பொருட்கள். ஏற்றியவர்களில் பலர் வேலைக்குப் புதியவர்கள், திறப்புத் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. சப்ளையர் அனுப்பிய விவரம் சரிதானா என்று திருப்பிக் கேட்க நேரமில்லை.

பின்னாளில் அங்கே வேலை பார்த்தவர்கள் பத்திரிகைகளிடம் சொன்னபடி, அமெரிக்க அமைப்பில் 98, 99 சதவீதம் சரியாக இருந்த இந்தத் தகவல், கனடாவில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்தது. அங்குலத்தில் இருந்ததை சென்டிமீட்டர் கட்டத்தில் போட்டிருந்தார்கள். நீளமும் அகலமும் இடம் மாறியிருந்தன.

இது சின்னத் தவறு போலத் தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஒரு பெட்டியின் மூன்று பக்கத்தையும் அங்குல எண்ணிலேயே சென்டிமீட்டர் கட்டத்தில் ஏற்றினால், கணினிக்குத் தெரியும் பெட்டி உண்மையான பெட்டியில் பதினாறில் ஒரு பங்கு. இந்த அலமாரியில் 48 பெட்டி நிற்கும் என்று அது நினைக்கும், உண்மையில் மூன்றுதான் நிற்கும். 48-க்கு ஆர்டர் போகும், சரக்கு வந்து கிடங்கில் தேங்கும். தவறு எதிர்ப்பக்கம் நடந்தால், அதாவது உண்மையைவிடப் பெரிய பெட்டியாகப் பதிவானால், அலமாரிக்கு இடமில்லை என்று கணினி ஆர்டரைக் குறைத்துவிடும். ஒரே வகைத் தவறு ஒரு பொருளைக் கிடங்கில் குவிக்கிறது, அடுத்த பொருளை அலமாரியிலிருந்து காணாமல் செய்கிறது. திரையில் நான் காட்டிய புதிர் இங்கே அவிழ்கிறது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஒரு பொருள் தீர்ந்தால் தானாக மறு ஆர்டர் போகும் வசதியை, அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவரே நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தி வைத்த பொருள் தீர்ந்துபோனாலும் 'இருப்பு இல்லை' என்ற கணக்கில் ஏறாது. தங்கள் மதிப்பெண் நன்றாகத் தெரிவதற்காகச் சிலர் அப்படிச் செய்தார்கள் என்பது அந்த ஊழியர்களின் வாக்குமூலம். தலைமையகத்தின் அறிக்கையில் இருப்பு நன்றாக இருக்கிறது, கடையில் போய்ப் பார்த்தால் அலமாரி காலி. தலைமைக்கு உண்மை தாமதமாகப் போனதற்கு இது ஒரு காரணம்.

சரி, இப்போது வழிகளை ஒப்பிடுவோம். 2011-ல் மேசையில் நான்கு வழிகள் இருந்திருக்கலாம் என்பது என் கணக்கு. ஒன்று, அவர்கள் செய்தது. இரண்டாவது, எல்லாக் குத்தகையையும் வைத்துக்கொண்டு திறப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது. மூன்றாவது, ஜெல்லர்ஸை ஓடும் வியாபாரமாகவே வாங்குவது. நான்காவது, நான் சொன்ன 25 கடைகள்.

நான்கையும் அளக்க நான் எடுத்துக்கொள்வது ஒரே அளவுகோல்தான்: நாம் தவறு செய்கிறோம் என்பது எத்தனை கடைகள் திறந்த பிறகு தெரியவரும், அப்போது திரும்ப என்ன செலவாகும்? புது நாட்டில் தவறு நடக்காது என்று திட்டமிட முடியாது. எது எப்போது வெளியே தெரியும் என்பதைத் திட்டமிட முடியும்.

முதல் வழியில் தவறு தெரிந்தபோது கடைகளும் கிடங்குகளும் நாடு முழுக்கப் பரவிவிட்டன. மில்டன், கார்ன்வால், கால்கரி பக்கம் என மூன்று பெரிய கிடங்குகள். பொருள் விவரங்களைக் கையால் சரிபார்க்க ஊழியர்களை மொத்தமாக உட்காரவைத்தார்கள். ஆனால் கடைகள் அன்றாடம் திறந்திருக்கும்போது, தவறான ஆர்டர்கள் ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருக்கும்போது மிச்சத் தவறுகளைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்குள் வாடிக்கையாளர் ஒரு முறை வந்து, தேடியது கிடைக்காமல், தான் வழக்கமாகப் போகும் வால்மார்ட்டுக்கே திரும்பிவிட்டார்.

இரண்டாவது வழி, அதாவது ஓர் ஆண்டுத் தள்ளிவைப்பு, கேட்க நியாயமாக இருக்கிறது. வகுப்பில் பலர் இதைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் இரண்டு தடை. காலிக் கடைகளுக்கு ஓர் ஆண்டு வாடகை என்பது ஒன்று. பொதுவாக வணிக வளாகங்களின் முதன்மைக் கடை மூடிக் கிடந்தால் வளாகமே சரியும், இட உரிமையாளர் சும்மா இருக்க மாட்டார். பெரிய தடை இன்னொன்று. கூடுதல் ஓர் ஆண்டில் தகவலைச் சுத்தம் செய்திருக்கலாம்தான். ஆனால் சுத்தமாகிவிட்டதா என்பது உண்மையான கடையில் உண்மையான பெட்டி வந்து இறங்கும்போதுதான் தெரியும். 2014-ல் மறுபடியும் 124 கடைகளை ஒரே ஆண்டில் திறந்தால், தவறின் எண்ணிக்கை குறைந்திருக்கும், தவறைத் தாங்கும் விலை அப்படியே இருக்கும்.

மூன்றாவது வழிக்கு ஒரு வெற்றி பெற்ற முன்மாதிரி இருக்கிறது. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் அதுதான். 1994-ல் வால்மார்ட் கனடாவுக்குள் வந்தபோது வூல்கோ சங்கிலியின் 122 கடைகளை ஒரே மூச்சில் வாங்கியது. கிட்டத்தட்ட டார்கெட் திறந்த அதே எண்ணிக்கை. இன்றும் வால்மார்ட் கனடா நன்றாக இருக்கிறது. அப்படியானால் 124 என்ற எண்ணில் குற்றமில்லை அல்லவா?

எண்ணில் மட்டும் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வால்மார்ட் வாங்கியது ஓடிக்கொண்டிருந்த கடைகளை. வூல்கோவின் ஊழியர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கனடியக் குளிர்காலத்தில் எந்த ஊரில் எந்த வாரம் பனிச்செருப்பு தீரும் என்று தெரிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே கூட இருந்தார்கள். டார்கெட் ஜெல்லர்ஸ் ஊழியர்களை எடுத்துக்கொள்ளவில்லை, விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. டார்கெட்டின் கடைத் தோற்றமும் தரமும் வேறு, ஜெல்லர்ஸின் பழக்கங்கள் தொற்றக் கூடாது என்று நினைத்திருக்கலாம், அது புரிகிறது. ஆனால் அதோடு சேர்ந்து அவர்கள் இழந்தது உள்ளூர் அறிவை. மூன்றாவது வழியை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். முதலிடம் தராததற்குக் காரணம், 2011-ல் ஜெல்லர்ஸ் வால்மார்ட்டின் அழுத்தத்தில் ஏற்கெனவே நலிந்துபோயிருந்த வியாபாரம். அதை நட்டத்தோடு ஓட்டிக்கொண்டே புது அமைப்பையும் கட்டுவது இரட்டை வேலை.

இனி நான்காவது. 25 கடைகள், தெற்கு ஒன்டாரியோ, மில்டன் கிடங்கு மட்டும். மற்றக் குத்தகைகளை விற்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. தனக்கு வேண்டாத இடங்களில் 39 குத்தகைகளை டார்கெட் வால்மார்ட்டுக்கே மாற்றிக்கொடுத்தது. 2011-ல் சந்தை இருந்தது. 2015-ல் கட்டாயத்தில் விற்றபோது நிலைமை வேறு. கனடியன் டயர் நிறுவனம் 12 குத்தகைகளை மொத்தம் 1.77 கோடி கனடிய டாலருக்கு எடுத்தது, ஒன்றுக்குப் 15 லட்சத்துக்கும் குறைவு. எல்லா இடமும் ஒரே தரம் இல்லை, நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 83 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் இடையே உள்ள தூரம், தாமதமாக விற்பதன் விலையை ஓரளவு காட்டுகிறது.

இந்த வழி எதையெல்லாம் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். பொருள் விவரம் ஏற்றும் வேலை இதில் அதிகம் குறையாது. 25 கடை என்றாலும் விற்கும் பொருள் வகை கிட்டத்தட்ட அதேதான். பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கை விட்டுவிட்டால் பிரெஞ்சுத் தொல்லை போகும் என்பதும் சரியல்ல, கனடா முழுக்கவே பொட்டலத்தின் மேல் இரு மொழியும் வேண்டும். சின்ன எண்ணிக்கைக்குச் சப்ளையர் நல்ல விலை தர மாட்டார். ஒரு பெரிய கிடங்கின் செலவை 25 கடை தாங்காது. ஆகவே இந்தத் திட்டமும் சில ஆண்டுகள் நட்டத்தில்தான் ஓடும்.

விலைப் பிரச்சினையும் இதில் அப்படியே நிற்கும். எல்லை தாண்டிப் போய் அமெரிக்க டார்கெட்டில் வாங்கிப் பழகியவர்கள் கனடாவில் நிறையப் பேர். அதே பொருள் இங்கே கூடுதல் விலையில் இருந்ததும் அவர்கள் முகம் சுளித்தார்கள். இதற்கு 25 கடைகளும் மருந்தில்லை. ஆனால் எது நோய், எது அதன் விளைவு என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கும். அலமாரி நிறைந்திருந்தும் மக்கள் வரவில்லை என்றால், அப்போது விலைதான் குற்றவாளி என்று தெளிவாகத் தெரிந்திருக்கும். 2013-ல் இரண்டும் கலந்து கிடந்தன, யாராலும் பிரிக்க முடியவில்லை.

மெதுவாகப் போனால் ஜெயிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நார்ட்ஸ்ட்ராம் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி கனடாவுக்கு மெதுவாகத்தான் வந்தது. 2014-ல் கால்கரியில் முதல் கடை, பிறகு படிப்படியாக ஆறு பெரிய கடைகள், ஏழு தள்ளுபடிக் கடைகள். 2023 மார்ச்சில் அதுவும் மூடப்போவதாக அறிவித்தது. வேலை இழந்தவர்கள் சுமார் 2,500 பேர். துயரம்தான். ஆனால் 17,600-ஐயும் 2,500-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களும் கனடாவில் தோற்றன, ஒன்றின் தோல்வி மற்றொன்றைவிடப் பல மடங்கு சிறியது. என் அளவுகோல் கேட்பது இதைத்தான்.

(திரை: பரிந்துரை)

ஆகவே இயக்குநர் குழுவுக்கு என் பரிந்துரை இப்படி இருந்திருக்கும். 25 கடைகளுக்கான இடங்களை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்டாரியோவில் இன்னும் கொஞ்சம் இடங்களுக்கு மட்டும் உரிமையை நீட்டிக்கொள்ளுங்கள், மற்றதை 2011-லேயே விற்றுவிடுங்கள். ஜெல்லர்ஸின் கடை மேலாளர்களில் நல்லவர்களைத் தேடி எடுங்கள். கிடங்கில் வாரந்தோறும் சில நூறு பெட்டிகளைப் பிரித்து, அளந்து, கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அந்தப் பொருத்தம் அமெரிக்க அளவை நெருங்கும்வரை இருபத்து ஆறாவது கடைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இருப்புக் கணக்கை அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவரிடம் விடாமல், கடைக்குப் போய் அலமாரியை எண்ணும் தனி ஆட்களிடம் கொடுங்கள். இதில் கடைசி இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. திறப்புத் தேதி கழுத்தைப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக, 2015-ல் மூடிய முடிவு. இதைத் தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் முடிவின் தவறை இதன் மேல் ஏற்றக் கூடாது. 2014 ஆகஸ்டில் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிரையன் கார்னெல் முன்னால் இரண்டு வழிகள்: தொடர்ந்து பணம் போடுவது, அல்லது மூடுவது. 2021 வரையிலாவது லாபம் வராது என்பது நிறுவனத்தின் கணிப்பு. 2014 கிறிஸ்துமஸ் விற்பனையிலும் பெரிய திருப்பம் இல்லை. அமெரிக்கத் தாய் நிறுவனமோ 2013 இறுதியில் நடந்த வாடிக்கையாளர்களின் வங்கி அட்டைத் தகவல் திருட்டிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. சில கடைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அப்போது அதற்கு வழி இல்லை என்று நினைக்கிறேன். மூன்று கிடங்குகளின் செலவு, முறிந்த பெயர், போட்டியாளரிடம் போய் நிலைத்துவிட்ட வாடிக்கையாளர். 2011-ல் நல்லதாக இருந்த 25 கடைத் திட்டம் 2015-ல் நல்லதல்ல, ஏனென்றால் முதல் அறிமுகம் ஒரு முறைதான்.

மூடியது சரி என்பது என் தீர்ப்பு. அதன் கணக்கு கொடியது: அந்தக் காலாண்டில் வரிக்கு முன் சுமார் 540 கோடி டாலர் நட்டமாக எழுதப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. ஊழியர்களுக்காக 7 கோடி கனடிய டாலர் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, குறைந்தது 16 வாரச் சம்பளம் கிடைக்கும்படி செய்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் டார்கெட்டை நம்பிச் சரக்கு கொடுத்த கனடியச் சப்ளையர்கள் நீதிமன்றத்தில் கடன்காரர்களாக வரிசையில் நின்றார்கள். இவர்கள் யாரும் 2011-ல் 182.5 கோடி ஒப்பந்தத்தில் ஓட்டுப் போட்டவர்கள் அல்ல.

கேள்விகளுக்கு வருவோம். வால்மார்ட் உதாரணத்தை வைத்து என்னை மடக்க நினைப்பவர்கள் முதலில் கேளுங்கள், அதுதான் பேசத் தகுந்த எதிர்ப்பு.